துணி துவைக்க இரண்டு மணி நேரமா? இயந்திரத்தின் பின்னால் இருக்கும் சின்ன வலையைப் பாருங்கள்

சலவை இயந்திரத்தின் முகப்பில் 55 நிமிடம் என்று காட்டுகிறது. ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், இன்னும் 35 நிமிடம் என்று அப்படியே நிற்கிறது. துணி சுத்தமாகத்தான் வருகிறது. வித்தியாசமான சத்தம் இல்லை, கருகிய வாடை இல்லை. ஆனால் வேலை மட்டும் முடிவதே இல்லை. இந்த நிலையில் பலர் “மோட்டார் போய்விட்டது”, “போர்டு கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன், இயந்திரத்தின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் வந்து சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கிறது. அது மண்ணும் துருவும் அடைத்து நின்றால் இயந்திரம் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

கிள்ளானில் ஓர் இரட்டை மாடி வீட்டில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். படுக்கையில் இருக்கும் தந்தையை மகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். படுக்கை விரிப்பு, கைலி, துண்டு என்று தினமும் இரண்டு முறை இயந்திரம் ஓடியாக வேண்டும். மேலிருந்து துணி போடும் 10 கிலோ இயந்திரம், வாங்கி நான்கு ஆண்டுகள். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துகொண்டிருந்த வேலை மெல்ல மெல்ல நீண்டு, இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. காலையில் போட்ட விரிப்பு மதியம்தான் கொடிக்குப் போகிறது. மாலை மழைக்கு முன் காய்வதில்லை. இரண்டாவது முறை போட்ட துணி இரவு முழுக்க ஈரத்திலேயே கிடந்து நாறுகிறது. கடையில் கேட்டதற்கு, “பழசுக்குச் செலவு செய்யாதீர்கள், புதுசு எடுத்துவிடுங்கள்” என்றார்களாம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் விஷயம்.

அதே தாமானில் பழுது பார்க்கும் ஒருவர் வந்து பார்த்தார். அவர் இயந்திரத்தைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது ஒரு வாளி.

அந்த வாளி எதற்கு என்று புரிந்துகொள்ள, இயந்திரம் தண்ணீரை எப்படிக் கணக்கு வைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தண்ணீர் விடுவதை நிமிடக் கணக்கில் செய்வதில்லை. தொட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதை ஓர் உணர்கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். வேண்டிய மட்டத்தைத் தொட்டால்தான் துவைக்கத் தொடங்கும். அதுவரை காத்திருக்கும். முகப்பில் காட்டும் 55 நிமிடம் என்பது, தண்ணீர் சரியான வேகத்தில் வரும் என்று தொழிற்சாலையில் போட்டுவைத்த கணக்கு. வரத்து குறைந்தால் பல இயந்திரங்களில் எண் அதே இடத்தில் நின்றுவிடும். ஆகவே “நேரம் நகரவில்லை” என்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பழுது அல்ல, காத்திருப்பு.

அந்த வீட்டுக் கணக்கு இது. குழாயை இயந்திரத்திலிருந்து கழற்றி, அதன் நுனியை 10 லிட்டர் வாளியில் விட்டுத் திறந்தார்கள். 50 விநாடியில் வாளி நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு 12 லிட்டர். தண்ணீர் அழுத்தத்தில் குறை எதுவும் இல்லை. அதே குழாயை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டபோது, சுமார் 60 லிட்டர் பிடிக்கும் தொட்டி நிறைய அரை மணி நேரம் ஆனது. நிமிடத்துக்கு 2 லிட்டர்தான். குழாய் நுனிவரை 12 லிட்டராக வந்த தண்ணீர், இயந்திரத்துக்குள் நுழைந்தவுடன் 2 லிட்டராகிறது என்றால் அடைப்பு அந்த நுழைவாயிலில்தான் இருக்க வேண்டும்.

ஒரு முறை துவைக்க இயந்திரம் மூன்று தடவை தண்ணீர் நிரப்பும். துவைக்க ஒன்று, அலச இரண்டு. வழக்கமாகத் தடவைக்கு ஆறு நிமிடம் என்றால் மொத்தம் 18 நிமிடம். தடவைக்கு அரை மணி நேரம் என்றால் 90 நிமிடம். வித்தியாசம் 72 நிமிடம். அதை 55-உடன் கூட்டினால் இரண்டு மணி நேரம் ஏழு நிமிடம். அந்த மகள் சொன்ன நேரமும் ஏறக்குறைய அதுதான். மோட்டாரோ போர்டோ இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

இந்த வாளிச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். குழாய் நுனியிலேயே தண்ணீர் மெலிந்து வந்தால் குற்றம் இயந்திரத்தில் இல்லை. திருகுகுழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, துணி இயந்திரத்துக்குப் பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சில ஹோஸ்களில் திருகுகுழாய்ப் பக்கத்திலும் ஒரு வலை இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் வீட்டுக்கு வரும் தண்ணீரையே கவனிக்க வேண்டும்.

ஒற்றை மாடி வீட்டுக்காரர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கூரைக்குள் இருக்கும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இயந்திரத்துக்குக் குழாய் இழுத்திருந்தால், அழுத்தம் தொட்டியின் உயரத்தை மட்டுமே பொறுத்தது. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார். தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். பல இயந்திரங்களின் கையேட்டில் குறைந்தபட்சத் தேவையாகப் போட்டிருப்பதே ஏறக்குறைய அந்த அளவுதான். (கையேட்டில் 0.03 MPa என்று இருக்கும், இரண்டும் ஒன்றே.) இப்படி விளிம்பில் ஓடும் இயந்திரத்தில் வலை கால்வாசி அடைத்தாலே நேரம் இழுக்கத் தொடங்கிவிடும். நேரடியாக வெளிக் குழாயிலிருந்து எடுத்திருக்கும் வீட்டில் பாதிக்கு மேல் அடைத்தால்தான் தெரியும்.

கழற்றும் முறை

இதற்கு இயந்திரத்தின் உடலைத் திறக்க வேண்டியதில்லை. நுழைவாய் வலையைச் சுத்தம் செய்வது பயனீட்டாளரே செய்ய வேண்டிய பராமரிப்பு என்றுதான் கையேடுகளும் சொல்கின்றன. அடைப்பை எடுக்க மட்டும் ஆளை அழைத்தால், உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தாலும் வந்து போகும் கட்டணம் கேட்கக்கூடும்.

முதலில் திருகுகுழாயை நன்றாக மூடுங்கள். மூடிய பிறகு இயந்திரத்தை ஒரு சில விநாடி ஓடவிடுங்கள். ஹோஸுக்குள் தேங்கி நிற்கும் அழுத்தம் இறங்கிவிடும். இதைச் செய்யாமல் கழற்றினால் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, மின்சார பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஈரக் கையோடு பின்பக்கம் வேலை செய்யப் போகிறோம்.

ஹோஸின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். கீழே ஒரு பழைய துண்டும் சின்ன வாளியும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குவளை தண்ணீர் எப்படியும் சிந்தும். நட் இறுகிப் போயிருந்தால் பிளையர் போடலாம். ஆனால் மறு கையால் நுழைவாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்ப வேண்டும். அந்த நுழைவாய் உள்ளே இருக்கும் வால்வின் ஒரு பகுதி, அதுவும் பிளாஸ்டிக். வேகமாக முறுக்கினால் நட்டுக்குப் பதில் வால்வு உடையும். பத்து நிமிட வேலை பழுது பார்க்கும் வேலையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஹோஸ் வந்துவிட்டால் நுழைவாய்க்குள் கிண்ணம் போன்ற வலை தெரியும். நடுவில் பிடித்து இழுப்பதற்கென்றே ஒரு சிறு மேடு இருக்கும். கூர்மூக்கு பிளையரால் அதைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வலை கிழியும். கிள்ளான் வீட்டில் வெளியே வந்தபோது வலை இருந்ததே தெரியவில்லை. காப்பித்தூளைக் குழைத்து அப்பியதுபோல் பழுப்பாக ஒரு பூச்சு, அதன் மேல் துருச் செதில்கள்.

“இவ்வளவு மண்ணிலயா எங்கப்பா துணிய துவைச்சேன், அண்ணே?” என்று கேட்டாராம் அந்த மகள்.

“இல்ல தங்கச்சி, துணிக்குப் போகாம இதுதான் பிடிச்சு வச்சிருக்கு” என்பது பதில்.

வலையைக் குழாயடியில் பிடித்து, தண்ணீர் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாயும்படி கழுவுங்கள். அதாவது இயந்திரத்தில் ஓடும் திசைக்கு எதிராக. பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். ஊசியால் குத்த வேண்டாம், ஓட்டை பெரிதாகும். துருக்கறை போகவில்லை என்றால் பரவாயில்லை. வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்கள் அனைத்தும் திறந்திருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

திரும்ப மாட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது, பலர் மறப்பதும் இதைத்தான். ஹோஸின் நுனியை வாளியில் விட்டுத் திருகுகுழாயை முழுதாகத் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். ஹோஸுக்குள் படிந்திருக்கும் மண் வெளியேறாமல் மாட்டினால், கழுவிய வலை அன்றைக்கே பாதி அடைத்துவிடும்.

பிறகு வலையை அதே நிலையில் உள்ளே தள்ளி, ஹோஸின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையால் இறுக்குங்கள். தண்ணீரைத் தடுப்பது அந்த ரப்பர்தான். வெள்ளை டேப் சுற்றத் தேவையில்லை. பிளையர் போட்டு இறுக்கவும் வேண்டாம். ரப்பர் கல்லாகிப் போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். திருகுகுழாயைத் திறந்ததும் நட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் நட் கோணலாக ஏறியிருக்கிறது, கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

கிள்ளான் வீட்டில் அடுத்த முறை தொட்டி ஆறு நிமிடத்தில் நிறைந்தது.

வலை சொல்லும் சேதி

கழுவி ஊற்றுவதற்கு முன் அந்த அழுக்கை ஒரு வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்ப்பது நல்லது. அது எங்கிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

பழுப்புச் செதில்கள் என்றால் பழைய இரும்புக் குழாயின் துரு. நீர் விநியோகத் தடைக்குப் பிறகுதான் இது அதிகம் வரும். குழாய் காலியாகி, மறுபடி தண்ணீர் வேகமாகப் பாயும்போது சுவரில் ஒட்டியிருந்த துருவும் வண்டலும் பெயர்ந்துகொண்டு வருகின்றன. மாவுபோல் மெல்லிய சேறு என்றால் கூரைத் தொட்டியின் அடிவண்டலையும் சந்தேகிக்கலாம். தொட்டி பல ஆண்டு கழுவப்படாமல் இருந்தால், தண்ணீர் மட்டம் குறையும்போது அடியில் கிடப்பதெல்லாம் கிளம்பும்.

ஒரே அளவில், சுத்தமான, பளபளக்கும் மணல் மணிகள் இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வீட்டு வாசலில் மணல் போட்ட வெளி வடிகட்டி வைத்திருக்கிறீர்களா? அதற்குள் மணலைத் தாங்கிப் பிடிக்கும் பகுதி உடைந்தால், வடிகட்டியின் மணலே வீட்டுக் குழாய்களுக்குள் வரும். தண்ணீரைச் சுத்தம் செய்ய வைத்ததே தண்ணீரில் மண்ணைப் போடுகிறது. இதை விட்டுவிட்டு சலவை இயந்திரத்தின் வலையை மட்டும் வாரா வாரம் கழுவிக்கொண்டிருந்தால் பயனில்லை. குளியலறைத் தூவாய், சுடுநீர்க் கருவி எல்லாவற்றிலும் அதே மணல் ஏறிக்கொண்டிருக்கும்.

கறுப்பாக, நசுக்கினால் கையில் மை போல் ஒட்டும் துணுக்குகள் என்றால் ஏதோ ஒரு ரப்பர் சிதைகிறது. ஹோஸின் உள்சுவராக இருக்கலாம், ரப்பர் வளையமாக இருக்கலாம். அந்த ஹோஸை மாற்றிவிடுங்கள். உள்ளே சிதையும் ஹோஸ் ஒரு நாள் வெடிக்கும், அன்று வீட்டில் ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அண்மையில் குழாய் வேலை நடந்த வீடு என்றால் வெள்ளை டேப் நூலும் பிளாஸ்டிக் சீவலும் வரும். அது ஒரு முறையோடு நின்றுவிடும்.

வலையை எடுத்தே போட்டுவிட்டால்?

“அடிக்கடி அடைக்கிறதே, இந்த வலை இல்லாமலே ஓட்டினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. சிலர் எடுத்தும் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு இயந்திரம் பிரமாதமாக ஓடும். ஆபத்து பிறகுதான் வரும்.

வலைக்கு அடுத்து இருப்பது மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு. அதற்குள் மெல்லிய ரப்பர்த் தகடு ஒன்று இருக்கிறது. தண்ணீரின் சொந்த அழுத்தமே அந்தத் தகட்டை அமுக்கி வழியை அடைக்கிறது. அந்த அழுத்தம் தகட்டின் மேற்பக்கம் போய்ச் சேர, தகட்டிலேயே ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை வைத்திருப்பார்கள். ஒரு மணல் மணி அந்த ஓட்டையில் சிக்கினால் வால்வு மூடாது. தகடு வந்து அமரும் விளிம்பில் சிக்கினாலும் முழுதாக மூடாது. மூடாத வால்வு வழியாக, இயந்திரம் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் சொட்டிக்கொண்டோ ஒழுகிக்கொண்டோ இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது, ஏனென்றால் அது மின்சாரக் கோளாறு அல்ல. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் நிற்கும். இன்னும் மோசமானால் சமையலறைத் தரையில் நிற்கும். அடுக்குமாடி வீடு என்றால் கீழ்வீட்டுக் கூரையில் நிற்கும்.

அணைத்து வைத்த இயந்திரத்தின் தொட்டியில் தண்ணீர் சேர்வதைப் பார்த்தால் முதலில் திருகுகுழாயை மூடுங்கள். வால்வை மாற்றியாக வேண்டும். வலை கிழிந்திருந்தாலும் அப்படியே மாட்டாமல், அந்த மாடலுக்குரிய புதிய வலையை வாங்கிப் போடுங்கள்.

வலை சுத்தமாக இருந்தும் நேரம் இழுத்தால்

எல்லாத் தாமதத்துக்கும் இந்த வலை காரணம் இல்லை. இயந்திரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒரு முறை கூடவே இருந்து பாருங்கள். தண்ணீர் நல்ல வேகத்தில் விழுகிறது, ஆனால் மட்டம் உயரவில்லை என்றால், கழிவுநீர்க் குழாய் மிகத் தாழ்வாகக் கிடக்கக்கூடும். நிரப்ப நிரப்ப ஒரு பக்கம் வடிந்துகொண்டே இருக்கும். இந்த வகையில் தண்ணீர்க் கட்டணமும் ஏறும். வலை அடைப்பில் அப்படி ஏறாது, பிடிக்கும் தண்ணீர் அதே அளவுதான். மின்சாரமும் பெரிதாகக் கூடாது, நிரம்பும் வரை மோட்டார் சும்மாதான் இருக்கிறது. நிரப்பியது சரி, பிழியும்போது நின்று மறுபடி தண்ணீர் பிடிக்கிறது என்றால் துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறது.

சூடு, குளிர் என இரண்டு நுழைவாய் உள்ள இயந்திரம் சில வீடுகளில் இருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் குளிர்நீர்க் குழாய் மட்டும்தான் மாட்டுகிறோம். அப்போது வெதுவெதுப்பான நீர் என்று தேர்வு செய்தால், இரண்டு வழியாக வர வேண்டிய தண்ணீர் ஒரு வழியாகத்தான் வரும். சுடுநீர் என்று தேர்வு செய்தால் வரவே வராது. குளிர்நீருக்கு மாற்றிப் பாருங்கள்.

அடைப்பு முற்றிவிட்டால் இயந்திரம் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் குறியீடு காட்டி நின்றுவிடும். எல்ஜி இயந்திரங்களில் IE, சாம்சுங்கில் 4C அல்லது 4E, பானாசோனிக்கில் U14. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தண்ணீர் போதவில்லை. குறியீடு வந்ததாலேயே பயந்து ஆளை அழைக்க வேண்டாம், முதலில் வாளிச் சோதனை. குழாய் நுனியில் தண்ணீர் வேகமாக வருகிறது, வலையும் சுத்தம், ஆனாலும் மெதுவாகத்தான் நிரம்புகிறது என்றால் அது வால்வு. அப்போது அழையுங்கள். அழைக்கும்போது, “10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது, வலையைக் கழுவிவிட்டேன், இன்னும் மெதுவாகத்தான் ஏறுகிறது” என்று சொன்னால், வருபவர் உங்கள் மாடலுக்கான வால்வைக் கையோடு கொண்டுவருவார்.

வலையை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்பது தண்ணீரைப் பொறுத்தது. தெளிவான தண்ணீர் வரும் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். தட்டில் மணலோ துருவோ விழுந்த வீட்டில் அடுத்த மாதமே ஒரு முறை பார்த்துவிட்டு, அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நீர்த்தடை அறிவிப்பு வந்தால் மட்டும் இரண்டு காரியம் செய்யுங்கள். தண்ணீர் நிற்பதற்கு முன்பே சலவை இயந்திரத்தின் திருகுகுழாயை மூடிவிடுங்கள். தண்ணீர் திரும்ப வந்ததும், வாசலில் இருக்கும் தோட்டக் குழாயைத் திறந்து பழுப்பு நிறம் போகும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடலாம், வாசல் கழுவலாம். தெளிந்து வந்த பிறகு இயந்திரத்தின் குழாயைத் திறந்தால் போதும்.